உப்பு, எச்சில், தண்ணீர்: வயதுவந்தவர் ஞானஸ்நானம் பெறும்போது நடப்பது என்ன?

1703 நவம்பரில் புதுச்சேரித் துறையில் போப்பாண்டவரின் தூதர் ஒருவர் வந்து இறங்கினார். பெயர் மையார் த தூர்னோன். சீனாவுக்குப் போகிற வழியில் இங்கே தங்கியவர். உடம்பு சரியில்லாததால் எட்டு மாதம் ஊரை விட்டு நகரவில்லை. தமிழ்நாட்டின் உட்பகுதி ஊர்கள் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே பாதிரிமாரை வரவழைத்து விசாரித்தார். 1704 ஜூன் 23 என்று தேதியிட்டு ஓர் ஆணையை எழுதிவைத்துவிட்டு ஜூலையில் கப்பலேறினார். அந்த ஆணையில் ஒரு கட்டளை இது: ஞானஸ்நானம் கொடுக்கும்போது உப்பு, உமிழ்நீர், முகத்தில் ஊதுவது ஆகியவற்றை இனி யாரும் விட்டுவிடக் கூடாது.

ஒரு துளி எச்சிலைப் பற்றிய அந்த வழக்கு புதுச்சேரியிலிருந்து ரோமுக்குப் போய், 40 ஆண்டுகள் நடந்தது. புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் உப்பளக் கரைக்குப் போகிற வழிப்பக்கம் இருக்கிறது இடையஞ்சாவடி. அங்கே இன்று ஒருவர் முப்பது வயதிலோ ஐம்பது வயதிலோ ஞானஸ்நானம் கேட்டுப் பங்குச் சாமியாரிடம் போனால், அவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தப் பழைய வழக்குக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சடங்கில் எது மாறலாம், எது மாறக்கூடாது? அதில் வீட்டாருக்கு எது உறுத்துகிறது? எது அவரோடு கடைசிவரை நிற்கிறது?

மூன்று சிறு சடங்குகள்

முதலில் உப்பு. கிறிஸ்தவம் பரவிய முதல் நூற்றாண்டுகளில், ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவரின் நாக்கில் சாமியார் ஒரு சிட்டிகை உப்பு வைக்கிற வழக்கம் ஏற்பட்டது. வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகுஸ்தீனாருக்கும் சின்ன வயதில் இந்த உப்பு கிடைத்தது. ஆனால் தண்ணீர் அவர் தலையில் விழுந்தது 387ல், மிலான் நகரில், அவருக்கு 32 வயதானபோது. உப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அத்தனை வருடம் போயிற்று. கெடாமல் காப்பது, ருசி தருவது என்று உப்புக்கு இருக்கும் இரண்டு குணங்களையும் வைத்து, இந்த மனிதர் தீமையால் கெட்டுப்போகாமல் ஞானத்தின் ருசி அறியட்டும் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள்.

அடுத்தது உமிழ்நீர். காது கேளாத, வாய் திக்கிய ஒருவனை இயேசு குணமாக்கியபோது தம் உமிழ்நீரால் அவன் நாவைத் தொட்டு, திறக்கப்படு என்று சொன்னதாக மாற்கு நற்செய்தி சொல்கிறது. அதை நினைவில் வைத்துச் சாமியார் தம் விரலை எச்சிலில் நனைத்து, ஞானஸ்நானம் பெறுபவரின் காதையும் மூக்கையும் தொடுவார். இறைவார்த்தை கேட்கக் காது திறக்கட்டும் என்பது கருத்து. மூன்றாவது, முகத்தில் மூன்று முறை ஊதுவது. தீய ஆவியை விரட்டுவதற்கு அடையாளம் அது.

தமிழ் வீடுகளில் எச்சில் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. தம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இது இன்னும் கடுமை. இன்னொருவர் எச்சில் மேலே பட்டுவிட்டால் தீட்டு. அதிலும் அந்நிய தேசத்தவர் எச்சில் பட்டதென்றால், அந்த மனிதரை வீட்டில் சேர்ப்பதே கேள்வியாகிவிடும். மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைச் சாமியார்கள் இதை அறிந்திருந்தார்கள். அதனால் பல இடங்களில் எச்சிலை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துச் சடங்கை முடித்தார்கள். புதுச்சேரியிலிருந்த கப்புச்சின் சாமியார்களுக்கு இது பிடிக்கவில்லை. ரோமுக்குப் புகார் போனது. வந்திறங்கிய தூதர் புகார் சொன்னவர்கள் பக்கம் தீர்ப்பெழுதினார்.

அந்த ஆணையின் மற்றப் பிரிவுகளைப் படித்தால், சண்டை எதைப் பற்றியது என்பது தெளிவாகும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கட்டக் கூடாது. பெண் பெரியவளானதை ஊர்கூட்டிக் கொண்டாடக் கூடாது. கோயில் திருவிழாவில் கிறிஸ்தவர்கள் மேளம் வாசிக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் வைக்கும் பெயர் ரோமாபுரிப் புனிதர் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். தாலி, சடங்கு, மேளம், பெயர் எல்லாமே வீட்டையும் உறவையும் சேர்த்துப் பிடித்திருக்கிற முடிச்சுகள். ஒருவர் தனியாக நின்று விசுவாசம் கொள்ளலாம். ஆனால் தாலியைத் தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது, பெரியவளானதைத் தனியாகக் கொண்டாட முடியாது. அதே ஆணையில், பறையர் வீடுகளில் நோயாளி இருந்தால் சாமியார் நேரே அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டளையும் உண்டு. சாதிக்கு அஞ்சி வாசலில் நின்றவர்களுக்கு வந்த கண்டனம் அது. அந்த இடத்தில் தூதர் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

1744ல் போப்பாண்டவர் 14ஆம் ஆசீர்வாதப்பர் இறுதி ஆணை எழுதி வழக்கை முடித்தார். அதன் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த ஒவ்வொரு பாதிரியாரும் இந்த விதிகளைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியத்தை ரோம் 1940ல் நீக்கியது. பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து குழந்தைகளுக்கான ஞானஸ்நான முறை 1969லும், பெரியவர்களுக்கான முறை 1972லும் புதிதாக எழுதப்பட்டன. அவற்றில் எச்சில் இல்லை. காதையும் வாயையும் விரலால் தொட்டாலே போதும். குழந்தைகளுக்கு உப்பு வைப்பதும் நின்றுவிட்டது. பெயர் விஷயத்திலும் இன்றைய திருச்சபைச் சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது. அன்பரசன் அன்பரசனாகவே இருக்கலாம். தமிழ்ச்செல்வி பெயரை மாற்ற வேண்டியதில்லை.

எதை விட்டால் ஞானஸ்நானமே இல்லை?

உப்பும் எச்சிலும் போன பிறகும் ஞானஸ்நானம் குறையவில்லை என்றால், எது இல்லாமல் போனால் குறையும்? கத்தோலிக்கத் திருச்சபையின் பதில் சுருக்கமானது. உண்மையான தண்ணீர் வேண்டும். அது தலைமேல் ஓட வேண்டும், அல்லது ஆள் அதில் முழுக வேண்டும். அந்த நேரத்திலேயே தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவர் பெயரால் உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன் என்ற பொருளில் குறித்த வாக்கியம் சொல்லப்பட வேண்டும். கொடுப்பவருக்குத் திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். பெறுபவர் வயதுவந்தவரானால் அவருக்குச் சொந்த விருப்பம் இருக்க வேண்டும்.

தண்ணீர் கிணற்றுத் தண்ணீராக இருக்கலாம், மழைத்தண்ணீராக இருக்கலாம், கடல் தண்ணீராகவும் இருக்கலாம். கடல்நீர் செல்லுமா என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எடுத்து ஆராய்ந்து, செல்லும் என்று சொல்லிவிட்டார். உப்புக் கலந்திருப்பதால் அது தண்ணீர் இல்லாமல் போய்விடுவதில்லை. பால், எண்ணெய், கண்ணீர், எச்சில் ஆகியவை செல்லாது. சாகும் தறுவாயில் இருப்பவருக்குச் சாமியார் கிடைக்காவிட்டால், பக்கத்தில் நிற்கிற யாரும் கொடுக்கலாம். அவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை; ஒரு இந்து நர்ஸோ முஸ்லிம் டாக்டரோ அந்த எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றி வாக்கியத்தைச் சொன்னால் அது முழு ஞானஸ்நானம்.

கொடுப்பவர் யார் என்பதில் இவ்வளவு தாராளம் காட்டும் திருச்சபை, வாக்கியத்தில் ஒரு சொல் பிசகினால் ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்காவில் சிலர், கூடியிருக்கும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், நான் என்பதற்குப் பதில் நாங்கள் உனக்கு ஞானஸ்நானம் தருகிறோம் என்று மாற்றிச் சொல்லி வந்தார்கள். 2020 ஆகஸ்டில் ரோம் அது செல்லாது என்று அறிவித்தது. கொடுப்பது அங்கே நிற்கும் கூட்டமல்ல, கிறிஸ்துவே. சாமியார் அவருடைய இடத்தில் நின்று பேசுகிறார் என்பது காரணம். அதைப் படித்த டெட்ராய்ட் இளம் குருவானவர் ஒருவர், தம் குழந்தைப் பருவத்து ஞானஸ்நான வீடியோவில் இதே தவறைக் கண்டிருந்தார். ஞானஸ்நானம் செல்லாதென்றால் அவர் பெற்ற குருப்பட்டமும் செல்லாது. புதிதாக ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, குருப்பட்டம் என எல்லாவற்றையும் அவர் முதலிலிருந்து பெற வேண்டியதாயிற்று.

இவ்வளவு கவனத்தோடு காக்கும் அந்தத் தண்ணீருக்கு என்ன பொருள்? அழுக்கைக் கழுவுவது என்ற பொருள் எல்லோருக்கும் தோன்றும். அதைவிட ஆழமான இன்னொன்றைப் பவுல் உரோமருக்கு எழுதிய கடிதத்தில் வைக்கிறார்: ஞானஸ்நானம் பெறுகிறவர் கிறிஸ்துவோடு செத்துப் புதைக்கப்படுகிறார், அவரோடே எழுந்து வருகிறார். பழைய காலத்தில் பெரியவர்கள் குளத்தொட்டிக்குள் இறங்கி ஏறினார்கள். மிலான் பேராலயத்தின் தரைக்கடியில், அகுஸ்தீனார் இறங்கியதாகக் கருதப்படும் எண்கோண வடிவத் தொட்டியை அகழ்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். பாவம் கழிவது, கடவுளின் பிள்ளையாகப் புதிதாய்ப் பிறப்பது, திருச்சபை என்ற உடலில் உறுப்பாவது என்று சொல்லப்படும் மற்றப் பலன்கள் எல்லாம் இந்தச் சாவையும் உயிர்ப்பையும் ஒட்டி வருபவை. பெரியவர்களின் ஞானஸ்நானத்தைப் பாஸ்கா இரவில் வைத்திருப்பதும் அதனால்தான்.

ஏன் இத்தனை மாதக் காத்திருப்பு?

1530களின் நடுப்பகுதியில் தூத்துக்குடிக் கரையில் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டி, சாதித் தலைவர்கள் கூடி எடுத்த முடிவு அது. மந்திரமும் ஞானோபதேசமும் பிறகுதான் வந்தன. 1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். கொடுத்த ஞானஸ்நானங்களால் கை ஓய்ந்துபோவதுண்டு என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அங்கே வீட்டாரின் எதிர்ப்பு என்ற பேச்சுக்குப் பெரிதாக இடமில்லை. தாய்மாமன், பங்காளி, சம்பந்தி எல்லோருமே சேர்ந்து வந்துவிட்டார்கள்.

தனியாக வருகிற ஒருவரின் கதை வேறு. ஊர் சேர்ந்து தாங்குகிற சுமையை அவர் ஒருவரே தாங்க வேண்டும். அதற்கான பலம் வருகிறதா என்று பார்க்கத்தான் காத்திருப்பு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் ஒரு பழைய ஒழுங்குநூல் மூன்று வருடம் இறைவார்த்தையைக் கேட்கச் சொல்கிறது. இன்றைய முறை நபருக்கு நபர் மாறும். சில மாதத்திலிருந்து ஓரிரு வருடம் வரை ஆகலாம்.

முதல் கட்டத்தில் எந்தச் சடங்கும் இல்லை. ஆள் வருகிறார், கேட்கிறார், பூசையில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார். மனம் உறுதியானால் ஒருநாள் கோயில் வாசலில் அவரை வரவேற்று, நெற்றியில் சிலுவை வரைவார்கள். அன்றிலிருந்து அவர் திருமுழுக்குக்குத் தயாராகிறவர். உபதேசியாரோ சகோதரியோ பாடம் நடத்துவார். ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ ஒருவர் கூடவே நடப்பார். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று தலைமைக் கோயிலில் ஆயரின் முன்னிலையில் பெயர் எழுதப்படும். விழுப்புரம் மாவட்டமும் சேர்ந்திருக்கும் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு அந்தத் தலைமைக் கோயில், ஊர்மக்கள் சம்பா கோயில் என்று சொல்லும் அமலோற்பவ அன்னை பேராலயம். அடுத்து, தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் எல்லோரும் அவருக்காக வேண்டும் மூன்று சோதனைச் சடங்குகள் உண்டு. பாஸ்கா இரவில் தீமையை விட்டுவிடுவதாக அவர் வாயால் சொல்லி, விசுவாசத்தை அறிக்கையிடுகிறார். தண்ணீர் மும்முறை ஊற்றப்படுகிறது. வெள்ளை ஆடையும் எரியும் மெழுகுவர்த்தியும் தரப்படுகின்றன. அதே இரவில் உறுதிபூசுதலும் முதல் நற்கருணையும் கிடைத்துவிடும்.

இந்த மாதங்களில் சாமியார் கவனிப்பது மனப்பாடத்தை மட்டும் அல்ல. திருமணத்துக்காக மட்டும் வந்திருக்கிறாரா? ஒரு நோய் குணமானதால் வந்த கடன் உணர்ச்சியா? பள்ளிக்கூட இடமோ வேலையோ கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? இவற்றில் ஏதாவது ஒன்று முதல் தூண்டுதலாக இருந்தால் தவறில்லை. பலரும் அப்படித்தான் வருகிறார்கள். அந்தக் காரணம் போய்விட்டாலும் இவர் நிற்பாரா என்பதே கேள்வி. குணமான நோய் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேட்கிற உபதேசியார்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத வரை இன்னும் கொஞ்சம் காத்திருப்பது நல்லது.

அழியாத முத்திரை

காத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்றொரு பிரிவு இருந்தது. துன்புறுத்தலுக்கு அஞ்சி வேதத்தை மறுதலித்த ஆயர்கள் கொடுத்த சடங்குகள் செல்லாது என்று சொல்லி, தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அகுஸ்தீனார் அதை மறுத்தார். உரோமைப் படைவீரனின் உடம்பில் ஓர் அடையாளம் குத்தப்பட்டிருக்கும். அவன் படையை விட்டு ஓடிப்போனாலும் அது அழியாது; திரும்பி வந்தால் மறுபடி குத்த மாட்டார்கள். ஞானஸ்நானமும் அப்படித்தான் என்றார் அவர்.

இன்றும் திருச்சபை இதே நிலையில் நிற்கிறது. ஒருவர் முப்பது வருடம் கோயில் பக்கமே வராமல் இருக்கலாம், வேறு மதத்துக்கே போய்விடலாம். திரும்பி வந்தால் அவருக்கு ஒப்புரவு உண்டு, மறுஞானஸ்நானம் இல்லை. வேறொரு சபையில் முறையாகப் பெற்றிருந்தால் அதையும் ஏற்றுக்கொள்வார்கள். நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும் நிபந்தனையோடு கொடுப்பார்கள். பங்குப் பதிவேட்டில் எழுதிய வரி அழிக்கப்படுவதில்லை. பின்னால் நடக்கும் உறுதிபூசுதல், கல்யாணம், குருப்பட்டம் எல்லாம் அந்த வரியின் ஓரத்திலேயே குறிக்கப்படும். அதனால்தான் கிறிஸ்தவக் கல்யாணம் பேசும்போது முதலில் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்கிறார்கள்.

முத்திரை அழியாது என்பதால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று அர்த்தமில்லை. உறவு இருக்கிறது என்பதற்கும் அந்த உறவோடு வாழ்வதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு. ஞாயிறு பூசை, வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம், எளியவர்களுக்கு உதவி, ஒரே மனைவி அல்லது ஒரே கணவர் என்ற ஒழுக்கம் ஆகியவை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும். உற்சாகமாக வந்தவர்கள் முதல் வருடம் முடிந்ததும் நின்றுபோவது அரிதல்ல. பாஸ்காவுக்குப் பின் பெந்தகோஸ்து வரையுள்ள ஏழு வாரங்களைப் புதியவர்களுக்கான தொடர்பாடமாக முறைநூல் வைத்திருப்பது இதை அறிந்துதான். பல பங்குகளில் விடுபட்டுப்போவதும் இந்தப் பகுதிதான்.

ஓரியூர், 1693

வீட்டாரின் எதிர்ப்பைப் பற்றிப் பேசினால் தமிழ்நாட்டில் ஓரியூரைத் தாண்ட முடியாது. சேதுபதி அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் கடும் நோயில் விழுந்தார். உபதேசியார் ஒருவர் அவர் படுக்கையருகே வந்து நற்செய்தி வாசித்துச் செபித்தார், தேவர் குணமடைந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று அருளானந்தர் என்று மக்கள் அழைத்த ஜான் தெ பிரிட்டோவிடம் கேட்டார். அவருக்கு ஐந்து மனைவியர். ஒரே மனைவியோடு வாழச் சம்மதித்தால்தான் தர முடியும் என்றார் சாமியார். தேவர் சம்மதித்து, மற்ற நால்வரையும் விலக்கினார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் அரசரிடம் முறையிட்டார். இரண்டே நாளில் பிரிட்டோ கைதானார். பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் மக்கள் நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது நாம் வழக்கமாகச் சாமியாரோடும் தேவரோடும் நின்றுவிடுகிறோம். அந்த நான்கு பெண்களையும் பார்க்க வேண்டும். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நாட்டு வழக்கப்படி வாழ்க்கைப்பட்டவர்கள். ஒரு நாளில் அவர்களுடைய இடம், மரியாதை, எதிர்காலம் எல்லாம் போயிற்று. முறையிட்டவரின் கோபத்தைப் பொல்லாப்பு என்று மட்டும் சொல்லி ஒதுக்க என்னால் முடியவில்லை. இன்றைய திருச்சபைச் சட்டம் இதே நிலைமைக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. பல மனைவியர் உள்ளவர் ஞானஸ்நானம் பெற்றால் ஒருவரோடு மட்டும் வாழலாம். ஆனால் விலக்கப்படும் மற்றப் பெண்களுக்கு நீதியின்படியும் அன்பின்படியும் வேண்டிய வாழ்வாதாரம் கிடைக்கிறதா என்று ஆயர் பார்க்க வேண்டும். ஒருவரின் ஞானஸ்நானத்துக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேரலாம். அந்த விலையைக் கணக்கில் எடுப்பது ஞானஸ்நானம் பெறுகிறவரின் கடமை என்று அந்த விதியிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இன்றைய வீடு

இன்றைக்கு ஐந்து மனைவியர் பிரச்சினை இல்லை. ஆனால் அம்மா அழுகிறாள். எனக்குக் கொள்ளி வைக்க யார் இருக்கிறார்கள் என்று அப்பா கேட்கிறார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது அண்ணன் வருவானா என்று தங்கை கவலைப்படுகிறாள். அவள் கல்யாணப் பேச்சு இதனால் முறியுமோ என்று மாமா பயப்படுகிறார். பெண் ஞானஸ்நானம் பெற்றால் பொட்டும் பூவும் பேச்சாகிவிடும். கூர்ந்து கேட்டால் இதில் பெரும்பாலானது கிறிஸ்துவைப் பற்றியதே அல்ல. நீ இனி எங்களோடு இருப்பாயா என்ற கேள்விதான் பல வடிவங்களில் வருகிறது. 1704ல் எச்சிலுக்கு எழுந்த அருவருப்புக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது.

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லச் சில உண்மைகள் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோரைப் பேணும் கடமையை ஞானஸ்நானம் ரத்து செய்வதில்லை. பத்துக் கட்டளைகளில் ஒன்று அது. கணவரோ மனைவியோ மதம் மாறாவிட்டால் திருமணம் முறிவதில்லை. விசுவாசியல்லாத துணை சமாதானமாக வாழச் சம்மதித்தால் பிரியக் கூடாது என்பது பவுலின் தெளிவான போதனை. துணை விலகிப்போனால் மட்டுமே மறுமணத்துக்கு வழிவிடும் ஒரு சலுகை திருச்சபைச் சட்டத்தில் உண்டு. படையல் சோறு போன்ற சில இடங்களில் மனசாட்சி இடிக்கும். எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது, அந்த நாளில் பந்தியிலிருந்து எழுந்து போவதைவிட மரியாதை.

நாட்டுச் சட்டத்தையும் வீட்டாரிடம் மறைக்கக் கூடாது. இந்துத் திருமணச் சட்டப்படி துணை மதம் மாறியது விவாகரத்துக் கோர ஒரு காரணம். இந்து வாரிசுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, மதம் மாறியவர் தம் பங்கை இழப்பதில்லை. ஆனால் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை வரும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. எல்லாவற்றிலும் கனமானது பட்டியல் சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே அது உண்டு. கிறிஸ்தவரான பட்டியல் சாதியினரைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், ஞானஸ்நானப் பதிவைச் சான்றாக எடுத்துக்கொண்டு, கிறிஸ்தவ விசுவாசத்தில் இருந்துகொண்டே வேலைக்காக இந்து என்று சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சாதியைப் பார்க்கிற கிறிஸ்தவர்கள் நம்மிடையே இருக்கும்போது, சலுகையை மட்டும் எடுத்துவிடுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆனால் இன்றைய சட்டம் அதுதான். சர்டிபிகேட்டை ஒளித்துவைத்து இரண்டு பெயரில் வாழலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அவர் பொய்யின் மேல் கட்டச் சொல்கிறார்.

அவசரம் வேண்டாம்

வீட்டில் எதிர்ப்பு வந்ததும் பலருக்கு இரண்டு எண்ணம் தோன்றும். ஒன்று, யாருக்கும் சொல்லாமல் ரகசியமாக முடித்துக்கொள்வது. மற்றது, இந்தப் பாஸ்காவுக்குள் எப்படியாவது முடித்துவிடுவது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கும். உயிருக்கே ஆபத்து இருக்கும் இடங்களில் ரகசியம் தேவைப்படலாம். மற்றபடி, பதிவேட்டில் ஏறி ஆயுள் முழுக்க நிற்கப்போகிற ஒன்றை மறைத்துத் தொடங்கினால், அது வெளிவரும் நாளில் வீட்டாருக்கு மதம் மாறியதைவிட ஏமாற்றப்பட்டதே பெரிதாக வலிக்கும்.

பயத்துக்கோ திருச்சபையின் போதனையிலேயே பதில் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், அதைப் பெற வேண்டும் என்று அவர் கொண்ட விருப்பமும் அன்பும் மனத்துயரும் அவருக்கு மீட்பை உறுதிப்படுத்துகின்றன என்பது அதன் பழமையான நம்பிக்கை. அவரைக் கிறிஸ்தவராகவே எண்ணி அடக்கம் செய்ய வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. பாடம் தொடங்கி நெற்றியில் சிலுவை வாங்கிய அன்றே அவர் திருச்சபையின் வீட்டைச் சேர்ந்தவராகிவிடுகிறார். ஆகவே இந்த வருடம் அம்மா மனம் ஆறவில்லை என்றால் அடுத்த பாஸ்கா வரை காத்திருப்பதால் அவர் எதையும் இழப்பதில்லை. தண்ணீர் விழும் கடைசி நிமிடம் வரை அவர் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. விழுந்த பிறகு அந்த முத்திரை போகாது. திரும்ப முடிகிற இந்த மாதங்களைப் பாடத்துக்கு எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவு வீட்டோடு உட்கார்ந்து பேசுவதற்கும் கொடுக்கட்டும்.